பாதம் எரிந்தால் பழி முழுக்கச் சர்க்கரைக்குத்தானா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, வயது 59. பதினாறு வருடங்களாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மின் 1000 மி.கி. காலையும் இரவும், கூடவே கிளிமிபிரைடு 1 மி.கி. எடுக்கிறேன். நெஞ்செரிச்சலுக்காக ஐந்து வருடங்களாகப் பான்டோபிரசோலும் உண்டு. ஒரு வருடமாக இரண்டு பாதங்களும் எரிகின்றன. ராத்திரியில் போர்வை பட்டாலே தாங்க முடியவில்லை. வாளித் தண்ணீரில் ஐஸ் போட்டுக் காலை வைத்துக்கொள்கிறேன். பஞ்சின் மேல் நடப்பது போல் இருக்கிறது. நான்கு மாதங்களாகக் கைவிரல் நுனிகளிலும் ஊசி குத்துகிறது. தலைக்குக் குளிக்கும்போது கண்ணை மூடினால் தள்ளாடுகிறது. மூன்று மாதச் சராசரி 7.0, ஹீமோகுளோபின் 12.6. "சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு, இனி இப்படித்தான்" என்று சொல்லிப் பிரிகாபலின் 75 மி.கி.யும் ஒரு நரம்பு வைட்டமின் மாத்திரையும் எட்டு மாதங்களுக்கு முன் கொடுத்தார்கள். என் அக்கா சொன்னதால் இன்னொரு வைட்டமின் மாத்திரையும் சேர்த்துக்கொண்டேன். எரிச்சல் கொஞ்சம் அடங்கியிருக்கிறது, மதமதப்பு கூடுகிறது. மெட்ஃபார்மின்தான் காரணம், நிறுத்திவிடு என்கிறார் என் தம்பி. நிறுத்தலாமா? ரத்தம் நன்றாக இருக்கிறதே, சத்துக் குறைவு இருக்காதுதானே? நரம்பு டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

பதில்: அம்மா, பதினாறு வருடச் சர்க்கரையில் இரண்டு பாதமும் ஒரே மாதிரி எரிந்தால், சர்க்கரைதான் காரணம் என்று எந்த மருத்துவரும் முதலில் நினைப்பார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் உங்கள் கடிதத்தில் எரிச்சலைவிட என்னை அதிகம் உறுத்தியவை வேறு இரண்டு. ஒன்று, கைவிரல்கள். இன்னொன்று, குளியலறையில் தள்ளாடுவது.

சர்க்கரையால் கெடும் நரம்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. உடலிலேயே நீளமான நரம்பிழைகள் முதலில் அடிபடும். அதனால் கால் கட்டைவிரல் நுனியில் தொடங்கி, பாதம், கணுக்கால், கெண்டைக்கால் என்று ஒரு சாக்ஸ் மேலேறுவது போல மெல்ல ஏறும். அது முழங்காலை நெருங்கும் சமயத்தில்தான் பொதுவாகக் கைவிரல் நுனிகளில் ஆரம்பிக்கும். ஏறக்குறைய அந்த நீளத்து நரம்புகளின் முறை அப்போதுதான் வருகிறது. இப்படி ஏறுவதற்குப் பெரும்பாலும் வருடக்கணக்கில் ஆகும். நீங்கள் பாதத்தைத் தவிரக் காலில் வேறு எந்த இடத்தையும் சொல்லவில்லை. கால் தொந்தரவு கணுக்காலைத் தாண்டாமலே கைக்கு வந்துவிட்டது என்றால், "இதில் சர்க்கரையோடு வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா?" என்று கேட்டே ஆக வேண்டும்.

இதில் ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது சகஜம். அப்படியென்றால் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்று இவ்வளவுதான் மரத்துப்போகும். ராத்திரியில் கையை உதறினால் தேவலை என்று தோன்றும். சுண்டுவிரல் தப்பித்துவிடும். உங்களுக்குச் சுண்டுவிரலும் சேர்ந்து ஊசி குத்துகிறதா என்று கவனியுங்கள். ஐந்து விரலும் ஒரே மாதிரி, இரண்டு கையிலும் என்றால் மணிக்கட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

கண்ணை மூடினால் ஏன் தள்ளாடுகிறது

நாம் நேராக நிற்பதற்குக் கண், உள்காது, பாதத்திலிருந்து போகும் நிலை உணர்வு ஆகிய மூன்றும் செய்தி கொடுக்கின்றன. பாதம் எங்கே இருக்கிறது, தரை எப்படி இருக்கிறது என்ற செய்தி பருமனான நரம்பிழைகள் வழியாகப் போய், தண்டுவடத்தின் பின்பக்கத்துப் பாதையில் ஏறி மூளைக்குச் சேர்கிறது. அந்தப் பாதை மங்கிப்போனால் பகலில் கண் அதை ஈடுகட்டிவிடும். இருட்டிலோ, தலையில் தண்ணீர் ஊற்றக் கண்ணை மூடும்போதோதான் குட்டு வெளிப்படும். பஞ்சில் நடப்பது போன்ற உணர்வும், செருப்பு கழன்றுபோனது தெரியாமல் நடந்துவிடுவதும் இதே சங்கதிதான்.

எரிச்சலும் காந்தலும் வேறு கதை. அவை மிக மெல்லிய இழைகளிலிருந்து வருபவை. ஆக, உங்களுக்கு மெல்லிய இழையும் பருமனான இழையும் இரண்டுமே தொட்டுவிடப்பட்டிருக்கின்றன. நீண்ட நாள் சர்க்கரை ஒன்றே இரண்டையும் செய்யக்கூடியதுதான். ஆனால் பருமனான இழைகளையும் தண்டுவடத்தின் பின்பக்கத்துப் பாதையையும் குறிவைத்துத் தாக்குவதில் பெயர்பெற்றது வைட்டமின் பி12 குறைவு. அது சரிசெய்யக்கூடியதும்கூட. அதனால்தான் உங்கள் விஷயத்தில் முதலில் அங்கே போகிறேன்.

ஹீமோகுளோபின் 12.6 இருப்பதால் பி12 இருக்கிறது என்று ஆகாது

இது நிறையப் பேருக்கு, சில சமயம் எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கும், இருக்கும் தவறான நம்பிக்கை. பி12 குறைந்தால் முதலில் ரத்தம் குறையும், அப்புறம்தான் நரம்பு கெடும் என்று நினைக்கிறோம். உண்மையில் ரத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லாமலே நரம்பு கெடலாம். ஹீமோகுளோபினும், சிவப்பணுவின் அளவும் சரியாக இருந்துகொண்டே, கால் மரத்துப்போய் வருபவர்களைப் பார்க்கிறோம்.

இதில் ஒரு திரை வேறு இருக்கிறது. வைட்டமின் மாத்திரைகள் பலவற்றில் ஃபோலிக் அமிலம் சேர்ந்திருக்கும். அது ரத்தத்தைச் சரிசெய்துவிடும், நரம்பைச் செய்யாது. ரிப்போர்ட் அழகாக இருக்கும், நரம்பு உள்ளுக்குள் தேய்ந்துகொண்டே போகும். இரும்புச்சத்துக் குறைவு கூட இருந்தாலும் இதே குழப்பம்தான்: பி12 குறைவு சிவப்பணுவைப் பெரிதாக்கும், இரும்புக் குறைவு சிறிதாக்கும், இரண்டும் சேர்ந்தால் சராசரி சரியாகத் தெரியும்.

மெட்ஃபார்மின் இதில் என்ன செய்கிறது? உணவிலிருந்து வரும் பி12, வயிற்றில் சுரக்கும் ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை போய், அங்கே கால்சியத்தின் துணையோடு உள்ளே இழுக்கப்படுகிறது. மெட்ஃபார்மின் அந்தக் கடைசி வாசலில் குறுக்கே நிற்கிறது என்பதுதான் பெரிதும் ஏற்கப்பட்ட விளக்கம். பான்டோபிரசோல் முதல் வாசலில் குறுக்கிடுகிறது: உணவில் உள்ள புரதத்திலிருந்து பி12ஐப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும், அந்த அமிலத்தைத்தான் இந்த மாத்திரை குறைக்கிறது. நீங்கள் இரண்டையும் சேர்த்து எடுக்கிறீர்கள். மெட்ஃபார்மின் தினம் 2000 மி.கி., அதுவும் வருடக்கணக்கில். அளவும் காலமும் கூடக்கூட இந்தக் குறைபாட்டின் வாய்ப்பும் கூடும். கல்லீரலில் சில ஆண்டுகளுக்குத் தாங்கும் இருப்பு உண்டு என்பதால், மாத்திரை தொடங்கிப் பல வருடம் கழித்துத்தான் இது தலைகாட்டும். அதனாலேயே யாரும் மாத்திரையோடு முடிச்சுப் போடுவதில்லை.

இதைச் சொன்னதும் உங்கள் தம்பி ஜெயித்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். மெட்ஃபார்மின் நேரடியாக நரம்பை எரிக்கும் மருந்து இல்லை. அது செய்வது பி12 உள்ளே வருவதைக் குறைப்பது மட்டும். அந்தப் பி12ஐத் தனியாகக் கொடுத்துவிட்டால், மாத்திரையைத் தொடரலாம். நிறுத்தினால் சர்க்கரை ஏறும், ஏறிய சர்க்கரை அதே நரம்பை வேறு வழியில் கெடுக்கும். நிறுத்த வேண்டிய காரணம் வேறு எதுவும், உதாரணமாகச் சிறுநீரகத் திறன் நன்றாகக் குறைந்துவிட்டது என்பது, இருந்தால் அது தனிப் பேச்சு. மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு, குறிப்பாகக் கால் மதமதப்போ ரத்தசோகையோ இருந்தால், அவ்வப்போது பி12 பார்க்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வழிகாட்டுதலே சொல்கிறது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் 2022இல் இதை நினைவூட்டியது. பான்டோபிரசோல் விஷயத்தில், ஐந்து வருடமாக இன்னும் தேவைதானா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பலருக்கு அது பழக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

முதலில் அந்த இரண்டு மாத்திரைகளின் அட்டையை எடுங்கள்

உங்கள் கடிதத்தில் ஒரு முக்கியமான தகவல் இல்லை. அது உங்கள் தப்பில்லை, யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த நரம்பு வைட்டமினிலும், அக்கா சொன்ன மாத்திரையிலும் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது? அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். இரண்டு வரிகளைத் தேடுங்கள். ஒன்று மெத்தில்கோபாலமின் அல்லது சயனோகோபாலமின். இதுதான் பி12, மைக்ரோகிராமில் எழுதியிருப்பார்கள். இன்னொன்று பைரிடாக்சின். இது பி6; மில்லிகிராமில் இருக்கும். இரண்டு மாத்திரையின் அளவுகளையும் கூட்டி ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் நோய்க்கதை எந்தப் பக்கம் திரும்பும் என்பதை இந்த இரண்டு எண்களும் பெருமளவு சொல்லிவிடும்.

பி12 வரியில் 5, 10, 15 மைக்ரோகிராம் என்று சிறிய எண் இருந்தால், எட்டு மாதம் "வைட்டமின் சாப்பிட்டேன்" என்பதற்கு அதிக அர்த்தமில்லை. அந்த அளவு உள்ளே போக வேண்டுமானால், மெட்ஃபார்மின் குறுக்கே நிற்கும் அதே வாசல் வழியாகத்தான் போக வேண்டும். குறைபாடு இன்னும் இருக்கலாம்.

அந்த எண் 1000, 1500 என்று இருந்தால் நிலைமை வேறு. அந்த அளவில், வாசல் மூடியிருந்தாலும் சுமார் நூற்றில் ஒரு பங்கு குடல் சுவர் வழியாகத் தானாகவே கசிந்து உள்ளே போய்விடும். 1500 மைக்ரோகிராமில் அது 15 ஆகிறது. ஒரு நாளைக்கு நமக்குத் தேவை இரண்டரைக்குச் சற்றுக் குறைவுதான். எட்டு மாதம் ஒழுங்காக எடுத்திருந்தால் குறைபாடு ஓரளவு ஈடாகியிருக்க வேண்டும். அப்படியும் மதமதப்பு ஏறிக்கொண்டே போகிறது என்றால், அங்கேதான் நான் பி6 வரியைப் பார்ப்பேன்.

பி6 விசித்திரமான வைட்டமின். குறைந்தாலும் நரம்பு கெடும், கூடினாலும் நரம்பு கெடும். உங்கள் வயதில் ஒரு நாளைக்குத் தேவை ஒன்றரை மில்லிகிராம் அளவுக்குத்தான். நீண்ட நாள் தாண்டக்கூடாத வரம்பு என்று அமெரிக்காவில் 100 மி.கி. சொல்கிறார்கள், ஐரோப்பாவில் 2023இல் அதை 12 மி.கி.க்கு இறக்கிவிட்டார்கள். ஒரே மருந்துக்கு இவ்வளவு இடைவெளியா என்று உங்களுக்குத் தோன்றும். தினம் பல நூறு மி.கி. எடுத்தவர்களிடம் தெளிவாகத் தெரிந்த பாதிப்பு, அதைவிடக் குறைந்த அளவில் எடுத்த சிலரிடமும் வந்திருப்பதுதான் காரணம். நரம்பு வைட்டமின் என்ற பெயரில் வருபவற்றில் சிலவற்றில் பி6 தாராளமாகவே இருக்கும். அப்படி இரண்டைச் சேர்த்து மாதக்கணக்கில் எடுத்தால் கூட்டுத்தொகை சட்டென்று ஏறிவிடும். வரும் அறிகுறிகளோ, மதமதப்பு, எரிச்சல், இருட்டில் தள்ளாட்டம். அதாவது எந்தத் தொந்தரவுக்கு மாத்திரை எடுக்கிறோமோ அதே தொந்தரவு. நோய் முற்றுகிறது என்று நினைத்து ஆட்கள் இன்னொரு மாத்திரையைச் சேர்ப்பார்கள்.

ஆகவே அக்கா சொன்ன மாத்திரையை இப்போதே நிறுத்திவிடுங்கள். அதை உங்களுக்கு யாரும் எழுதித் தரவில்லை. மருத்துவர் எழுதிய நரம்பு வைட்டமினை, அட்டையைக் காட்டிக் கேட்டு முடிவு செய்யுங்கள். பி6 தான் காரணம் என்றால், நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்குத் தொந்தரவு கொஞ்சம் கூடி, அப்புறம்தான் மாதக்கணக்கில் இறங்கும். அந்தக் கூடுதலைப் பார்த்துப் பயந்து மறுபடி மாத்திரையைத் தொடங்கிவிடக் கூடாது.

ரத்தப் பரிசோதனையில் ஒரு பொறி

பி12 அளவு பார்க்கச் சொல்லுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். உங்களுக்கு அது போதாது. வைட்டமின் எடுத்துக்கொண்டிருக்கும்போது ரத்தத்தில் பார்த்தால் எண் நன்றாகத்தான் வரும். அது நீங்கள் விழுங்கியது ரத்தத்தில் சுற்றுவதைக் காட்டும். எட்டு மாதத்துக்கு முன்னால் நரம்புக்கு என்ன கிடைத்தது என்பதைச் சொல்லாது.

மாத்திரை எடுக்காதவர் என்றால் கணக்கு எளிது. மி.லி.க்கு 200 பிகோகிராமுக்குக் கீழே குறைபாடு; 300க்கு மேலே பெரும்பாலும் பிரச்சினை இல்லை; இடைப்பட்டது சந்தேகம். ஆய்வகத்துக்கு ஆய்வகம் எல்லைக்கோடு கொஞ்சம் மாறும். ரிப்போர்ட்டில் "இயல்பு" என்று அச்சடித்திருந்தாலும் 230, 250 என்ற எண்ணை, உங்களைப் போன்ற அறிகுறி இருப்பவரிடம் நான் இயல்பு என்று ஏற்க மாட்டேன். சந்தேகம் வந்தால் மெத்தில்மலோனிக் அமிலம் என்ற சோதனை உதவும். பி12 செல்லுக்குள் வேலை செய்யாதபோது தேங்கி நிற்கும் கழிவு அது. அது கூடியிருந்தால் குறைபாடு இருக்கிறது என்று அர்த்தம். சிறுநீரகம் மந்தமாக இருந்தாலும் அது கூடும் என்பதால் கிரியாட்டினினோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஹோமோசிஸ்டீன் என்பதும் இதே வகை, ஆனால் அது ஃபோலிக் அமிலம் குறைந்தாலும் ஏறும்.

எட்டு மாதத்துக்கு முன்னால், மாத்திரை தொடங்கும் முன் எடுத்த ஏதாவது ரத்த ரிப்போர்ட்டில் பி12 இருக்கிறதா என்று பழைய ஃபைலைத் தேடிப் பாருங்கள். இருந்தால், இன்று எடுக்கும் எதையும்விட அது மதிப்புள்ளது.

பி12 குறைவு என்று உறுதியானால், காரணம் மெட்ஃபார்மின்தான் என்று அத்தோடு மூடிவிடவும் கூடாது. வயிற்றில் சுரக்கும் அந்தப் புரதத்தையே உடலின் எதிர்ப்புச் சக்தி அழித்துவிடும் ஒரு நோயும் உண்டு. அதற்கு எதிர்ப்பொருள் சோதனை இருக்கிறது. அது இருந்தால் வாழ்நாள் முழுதும் பி12 தேவை.

இதே ரத்தத்தில் இன்னும் சிலவற்றைப் பார்த்துவிடலாம்: தைராய்டுக்கான டிஎஸ்எச், சிறுநீரகம், கல்லீரல், அப்புறம் ரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்க்கும் சோதனை. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுவார்கள். ஒரே வகைப் புரதம் அளவுக்கு மீறி உற்பத்தியாகும் சில ரத்தக் கோளாறுகள் முதலில் கால் எரிச்சலாகத்தான் தலைகாட்டும். இரண்டு காலும் ஒரே மாதிரி மரத்துப்போகும்போது அதிகம் பயன்தரும் சோதனைகள் சர்க்கரை, பி12, இந்தப் புரதச் சோதனை ஆகிய மூன்றும்தான் என்று அமெரிக்க நரம்பியல் கழகம் 2009இலேயே சொல்லியிருக்கிறது. காசநோய்க்கான ஐசோனியாசிட், சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபுரன்டாயின் போன்ற மருந்துகளை அண்மையில் எடுத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். மதுப் பழக்கமும் ஒரு காரணம். உங்களிடம் கேட்கத் தயங்கி எந்த மருத்துவராவது கேட்காமல் விட்டிருந்தால், இல்லை என்று நீங்களே சொல்லிவிடுவது நல்லது.

நரம்பு டெஸ்ட் எப்போது

நரம்பில் மின்தூண்டல் கொடுத்துப் பார்க்கும் அந்தச் சோதனை பருமனான இழைகளை மட்டும்தான் அளக்கும். வெறும் எரிச்சல் மட்டும் உள்ளவருக்கு அது இயல்பாக வந்துவிடும். உடனே "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கும். அதனால் எரிச்சலுக்காக நான் அதை அவசரமாகக் கேட்க மாட்டேன்.

உங்களுக்கு நான் முதலில் கேட்பது பத்து நிமிடக் கைப் பரிசோதனை. செருப்பைக் கழற்றச் சொல்லி, அதிரும் இசைக்கவையைக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்துப் பார்க்க வேண்டும். 10 கிராம் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரலை மேலே கீழே அசைத்து எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டும். முழங்காலிலும் கணுக்காலிலும் சுத்தியலால் தட்ட வேண்டும். சர்க்கரை நரம்புக் கோளாறில் கணுக்கால் துள்ளல் முதலில் போகும், முற்றினால் முழங்காலிலும் மந்தமாகும். கணுக்காலில் துள்ளல் இல்லாமல் முழங்கால் மட்டும் வழக்கத்தைவிட வேகமாகத் துள்ளினால், தண்டுவடமும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். சர்க்கரை மட்டும் அதைச் செய்யாது. ஒரு சுத்தியல் சொல்லும் இந்தச் செய்தியை எந்தப் பெரிய மெஷினும் இவ்வளவு சுலபமாகச் சொல்லாது.

மின்சோதனை அவசியமாகும் இடம், தசை பலம் குறையும்போது. படி ஏற, தரையில் உட்கார்ந்து எழ, கையைத் தூக்கித் தலை வாரச் சிரமமாக இருந்து, அது இரண்டு மாதத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போனால், நரம்பின் மேலுறையை உடலே தாக்கும் ஒரு நோயைத் தேட வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கும் அது வரும். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் என்று சிகிச்சை உண்டு. ஒரு பக்கம் மட்டும் வருவது, சில வாரங்களில் மளமளவென்று ஏறுவது ஆகியவற்றுக்கும் இந்தச் சோதனை வேண்டும். உங்களுக்குக் கையும் தள்ளாட்டமும் இருப்பதால், ரத்த ரிப்போர்ட்டுகள் எதையும் காட்டாவிட்டால் அப்போது எடுத்துவிடலாம்.

பி12 குறைவாக இருந்தால் என்ன எதிர்பார்க்கலாம்

நரம்பு பாதிக்கப்பட்டவருக்கு நான் மாத்திரையைவிட ஊசியில் தொடங்கவே விரும்புவேன். ஒவ்வொரு தடவையும் 1000 மைக்ரோகிராம், முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு வாரம் ஒன்று, அப்புறம் மாதம் ஒன்று என்று போகும். எந்த வகைப் பி12, எத்தனை என்பது மருத்துவருக்கு மருத்துவர் மாறும். ஒன்று மட்டும் முக்கியம்: முதல் ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுத்திருக்க வேண்டும். ஊசி போட்டுவிட்டு டெஸ்டுக்குப் போனால் ஒன்றும் தெரியாது.

முதல் சில வாரங்களில் ஊசி குத்துவது போன்ற உணர்வு கூடுவதாகச் சிலர் சொல்வார்கள். அது ஊசியை நிறுத்தக் காரணமில்லை. மாற்றம் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம், முழுப் பலன் தெரிய ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகலாம். எவ்வளவு திரும்பும் என்பது எவ்வளவு நாள் கெட்டிருந்தது என்பதைப் பொறுத்தது. உங்களுக்குக் கைவிரல் நான்கு மாதம்தான் ஆகிறது, அது தேறும் வாய்ப்பு அதிகம். பாதத்தில் சர்க்கரையின் பங்கும் இருக்கும் என்பதால் அங்கே ஒரு பகுதி மிஞ்சலாம். ஊசி போட்டால் எல்லாம் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "இனி இப்படித்தான்" என்ற வாக்கியத்தை, பி12ஐயும் பி6ஐயும் பார்க்காமல் உங்களிடம் யாரும் சொல்லியிருக்கக் கூடாது.

பிரிகாபலினும் ஐஸ் வாளியும்

பிரிகாபலின் நரம்பை ஆற்றாது, வலியின் சத்தத்தைக் குறைக்கும். எரிச்சல் அடங்கி மதமதப்பு மட்டும் கூடுவது அதனால்தான். 75 மி.கி. என்பது ஆரம்ப அளவு. தூக்கம் கெடும் அளவுக்கு இன்னும் எரிந்தால் மருத்துவர் அதைக் கூட்டலாம், அல்லது டுலோக்செடின், அமிட்ரிப்டிலின் போன்ற வேறொன்றுக்கு மாற்றலாம். ஆனால் பிரிகாபலினே தலைசுற்றலையும் தள்ளாட்டத்தையும் தரும். உங்கள் தள்ளாட்டம் மாத்திரைக்கு முன்பே இருந்ததா, பிறகு வந்ததா என்று யோசித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். கால் வீங்குகிறதா என்றும் பாருங்கள். இதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஐஸ் வாளியை இன்றே விட்டுவிடுங்கள். எரியும் அதே பாதம் குளிரையும் சூட்டையும் சரியாக அறியாது. உறைபனித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துத் தோல் கருகி, அதில் புண்ணாகி வருபவர்கள் உண்டு. சாதாரணத் தண்ணீரில் சில நிமிடம் நனைத்து, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, கால் நுனியில் போர்வை படாமல் ஏதாவது வைத்துத் தூக்கிவிட்டுப் படுத்துப் பாருங்கள். ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். உங்களுக்குப் புண் வந்தால் வலி வந்து சொல்லாது. குளியலறையில் உட்கார்ந்து குளியுங்கள், கண்ணை மூட வேண்டிய நேரத்தில் ஒரு கை சுவரில் இருக்கட்டும்.

வலி படுத்திருக்கும்போது வந்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் தேவலையாகிறது, நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது என்றால், அது நரம்பு இல்லை, ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அதைத் தனியாகச் சொல்லுங்கள். ஒரு பாதம் மட்டும் திடீரென்று சிவந்து சூடாகி வீங்கினால், வலி இல்லாவிட்டாலும் அன்றே காட்ட வேண்டும், அதுவரை அந்தக் காலை ஊன்றாதீர்கள். சில நாட்களில் கால் பலம் விழுவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, இருக்கையில் படும் இடம் மரத்துப்போவது என்று எதுவானாலும் மருத்துவர் தேதி கொடுக்கும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.